வாயால் சொன்னால் வருமா உங்கள் கடைப் பெயர்?

ஈரோட்டில் இருக்கும் என் அக்கா சென்ற ஆண்டு வீட்டிலேயே சிறுதானியத் தின்பண்டங்கள் செய்து விற்கத் தொடங்கினார். தினை முறுக்கு, கம்பு லட்டு, சாமை மிக்சர் என்று ஏழெட்டு வகை. தொழிலுக்கு அவர் வைத்த பெயர் Thinaiz. தினை என்ற சொல்லை வைத்து, கடைசியில் கொஞ்சம் ஸ்டைலாக z சேர்த்திருந்தார். படம் போட்ட கவர் 2,000 அடித்தாயிற்று. இன்டர்நெட்டில் கடையின் பக்கமும் தயார். அடுத்து பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்திட வேண்டும் என்று என்னிடம் உதவி கேட்டார். சாப்ட்வேர் வேலையில் இருப்பதால் குடும்பத்தில் இப்படிப்பட்ட வேலைகள் எல்லாம் என் தலையில்தான் விழும்.

அன்று மாலை ஒரு போன் வந்தது. "ஏனுங்க, தினேஷ் ஸ்நாக்ஸுங்களா?" அக்கா இல்லை என்று சொல்லப் போனவர், சற்று யோசித்து, "எங்கே பார்த்து போன் செய்தீர்கள்?" என்று கேட்டார். அந்த அம்மா பக்கத்து வீட்டில் அக்காவின் முறுக்கைச் சாப்பிட்டிருக்கிறார். போனில் மைக் படத்தைத் தட்டி, "தினைஸ் ஸ்நாக்ஸ் ஈரோடு" என்று சொல்லியிருக்கிறார். திரையில் தினேஷ் என்று வந்திருக்கிறது. வந்த கடைகளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டில் நம்பர் வாங்கி அழைத்திருக்கிறார். அவர் விடாமல் தேடினார். எத்தனை பேர் இரண்டாவது கடையிலேயே வாங்கிவிட்டுப் போயிருப்பார்கள் என்பது தெரியாது.

அக்கா தன் போனில் சொல்லிப் பார்த்தார். Thinaiz என்று சரியாகவே வந்தது. "என் போன்ல நல்லாத்தானேடா வருது" என்றார். இங்குதான் பெரும்பாலானவர்கள் ஏமாந்து போகிறார்கள். அக்காவின் போனில் அந்தப் பெயர் காண்டாக்ட் பட்டியலில் இருந்தது. தினமும் பத்து முறை டைப் செய்தும் இருந்தார். குரலை எழுத்தாக்கும் சாப்ட்வேர்கள் பல, போனில் உள்ள காண்டாக்ட் பெயர்களுக்கும் நாம் அடிக்கடி பயன்படுத்தும் சொற்களுக்கும் கூடுதல் மதிப்பெண் தருகின்றன. எனவே கடை உரிமையாளரின் போனில் செய்திடும் சோதனை செல்லாது. வாடிக்கையாளர் போனில் அந்தப் பெயர் இருக்காதே.

கேட்பது காது அல்ல

மைக்கில் நாம் பேசும்போது நடப்பது என்ன? குரல் மிகச் சிறு துண்டுகளாக நறுக்கப்படுகிறது. வழக்கமாக ஒரு நொடிக்கு 100 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் எந்த ஒலியாக இருக்கலாம் என்று சாப்ட்வேர் கணிக்கிறது. "இது த வாக இருக்கலாம், ட வாகவும் இருக்கலாம்" என்ற அளவில்தான் அந்தக் கணிப்பு இருக்கும். பிறகு, இந்த ஒலிகளுக்குப் பொருந்தக்கூடிய சொற்களில் எது அதிகம் வாய்ப்புள்ளது என்று பார்த்து, அதையே திரையில் எழுதுகிறது. வாய்ப்பு என்பது, அது முன்பு படித்த கோடிக்கணக்கான வாக்கியங்களில் அந்தச் சொல் எத்தனை முறை, எந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் வந்தது என்பதைப் பொறுத்தது.

இப்போது Thinaiz என்பதை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த வாக்கியங்களில் அக்காவின் கடை ஒருமுறைகூட வந்திருக்காது. அதே ஒலிக்கு அருகில் தினேஷ் இருக்கிறது. ஆங்கிலத்தில் tennis இருக்கிறது. சாப்ட்வேர் தனக்குத் தெரிந்ததை எழுதுகிறது. நாம் எவ்வளவு திருத்தமாக உச்சரித்தாலும் பெரிய பயன் இல்லை.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இத்தகைய தவறுகள் பலவும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகின்றன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அமேசானின் அலெக்சாவைச் சோதித்து 2018ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சில சொற்களை அது எப்போதும் ஒரே வேறு சொல்லாகவே எடுத்துக் கொண்டது. ஒருவர் வேண்டுமென்றே அந்தத் தவறான சொல்லைத் தன் சேவைக்குப் பெயராக வைத்தால், அடுத்தவரின் வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுத்துவிடலாம் என்றும் அவர்கள் காட்டினார்கள். ஒரே மாதிரி வரும் தவறு என்பதால், பெயரை வைப்பதற்கு முன்பே நாமும் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் சோதனை

இதற்குத் தனி சாப்ட்வேர் தேவையில்லை. மைக் உள்ள கம்ப்யூட்டர், குரோம் பிரவுசர், ஒரு கூகுள் அக்கவுண்ட் போதும். குரோமைத் திறந்து முகவரிக் கட்டத்தில் docs.new என டைப் செய்து என்டர் தட்டினால் புதிய டாகுமெண்ட் ஒன்று கிடைக்கும். மேலே Tools மெனுவில் Voice typing என்பதில் கிளிக் செய்திடுங்கள். இடது பக்கம் சிறிய மைக் கட்டம் ஒன்று தோன்றும். அதன் தலைப்பில் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். முதலில் English (India), பிறகு தமிழ் என இரண்டிலும் சோதிக்க வேண்டும். மைக் படத்தைக் கிளிக் செய்தவுடன், மைக்கைப் பயன்படுத்த பிரவுசர் அனுமதி கேட்டால் Allow கொடுங்கள்.

நேரே கூகுளில் தேடாமல் ஏன் டாகுமெண்டில் செய்கிறோம்? தேடும்போது இரண்டு வேலைகள் கலந்துவிடுகின்றன. குரல் எழுத்தாவது ஒன்று. அந்த எழுத்தை வைத்து விடை தேடுவது இன்னொன்று. டாகுமெண்டில் முதல் வேலை மட்டும் நடக்கும். தவறு எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஏன் இரண்டு மொழி? நம் ஊரில் ஒருவர் போனில் தேடலின் குரல் மொழி ஆங்கிலமாக இருக்கும். இன்னொருவர் தமிழுக்கு மாற்றியிருப்பார். கூகுள் தன் குரல் தேடலில் தமிழைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில். உங்கள் வாடிக்கையாளர் எதை வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. பெயர் இரண்டிலும் பிழைக்க வேண்டும்.

நாங்கள் ஐந்து பேரைப் பேச வைத்தோம். அக்கா, மாமா, அப்பா, பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவி, பார்சல் கொண்டு வந்த தம்பி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழியிலும் மூன்று முறை. ஆக ஒரு பெயருக்கு 30 முறை. ஒருவர் மட்டும் 30 முறை சொன்னால் அது ஒரு குரலின் சோதனையாகவே இருக்கும். மின்விசிறியை நிறுத்தவில்லை, வாடிக்கையாளர் ஸ்டுடியோவில் உட்கார்ந்தா தேடப் போகிறார்? பெயரை மட்டும் தனியாகச் சொல்லாமல், "ஸ்நாக்ஸ் ஈரோடு" என்பதையும் சேர்த்துத்தான் சொன்னோம். நிஜத்தில் அப்படித்தான் கேட்பார்கள். என்ன எழுத்து வந்ததோ அதை அப்படியே நோட்டில் குறித்தேன். சரி, தவறு என்று டிக் மட்டும் போட்டால் பாதி தகவல் போய்விடும்.

மைக்குக்கு முன்பே ஒரு வேடிக்கை நடந்தது. பெயரை நான் வாயால் சொல்லவில்லை. அச்சடித்த கவரை மட்டும் நீட்டினேன். மாமா "தினைஸ்" என்றார். மாணவி "தின்னைஸ்" என்றாள். பார்சல் தம்பி "தினாய்ஸ்" என்றார். மெஷின் காதில் விழும் முன்பே மூன்று பெயர்கள் ஆகிவிட்டன. இதை முதலில் சோதித்துவிடுங்கள். எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். வேறு ஒருவரிடம் போனில் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மனிதரே தடுமாறினால் மெஷினிடம் போக வேண்டிய அவசியமே இல்லை.

Thinaiz முடிவு இது: ஆங்கிலத்தில் 15 முறையில் tennis 7 முறை, the nice 3 முறை, Denise 2 முறை, மற்றவை வேறு ஏதேதோ. தமிழில் தினேஷ் 9 முறை, தினை 4 முறை, தினசரி 2 முறை. சரியாக வந்தது 30ல் பூஜ்யம். அக்கா நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. 2,000 கவர்.

மூன்று வகைத் தவறுகள்

அன்றிரவே புதுப் பெயர்கள் தேட ஆரம்பித்தோம். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாகத் தோற்றது. அதில்தான் விஷயமே எனக்குப் பிடிபட்டது.

முதலில் சைக்கிள் பாட்டி. அக்காவின் மனதில் ஒரு படம் இருந்தது: சைக்கிளில் முறுக்குக் கூடையுடன் வரும் பாட்டி. நல்ல பெயர், எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். தமிழில் 15க்கு 14 சரி. ஆங்கிலத்துக்கு மாற்றினோம். cycle party என்று 12 முறை வந்தது. அதைத் தேடிப் பார்த்தால் சமாஜ்வாதி கட்சி வருகிறது. அவர்களின் தேர்தல் சின்னம் சைக்கிள். சரி, தாத்தா என்று மாற்றுவோம் என்றார் மாமா. cycle Tata என்று வந்தது. உறவுமுறைப் பெயர்களில் பல இப்படித்தான் வேறு ஆங்கிலச் சொல்லாக மாறிவிடுகின்றன. இது தவறாகக் கேட்கும் வகை. Thinaiz கூட இதே வகைதான். திரையில் வந்த எழுத்தே வேறு என்றால் பெயரின் ஒலியை மாற்றியாக வேண்டும். விளம்பரம், வெப்சைட் எதுவும் இதைச் சரி செய்யாது.

அடுத்து ஊஞ்சல். தமிழில் 15க்கு 15. ஆனால் அதைக் கூகுளில் தேடினால் ஊஞ்சல் விற்கும் கடைகளாக வந்து குவிகின்றன, தேக்கு ஊஞ்சல், பித்தளைச் சங்கிலி என்று. இங்கே மெஷின் சரியாகவே கேட்டது. ஆனால் அந்தச் சொல்லுக்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. அதை முந்திக்கொண்டு ஒரு வீட்டுக் கடை மேலே வர முடியாது. இது இரண்டாவது வகை. ஜன்னல் சீட் என்ற பெயரும் இப்படியே போனது, ரயில் டிக்கெட் புக்கிங்தான் வந்தது. இரண்டு சொற்கள் இருந்தாலும், அவை வழக்கமாகச் சேர்ந்தே வருபவையாக இருந்தால் ஒரு சொல்லுக்குச் சமம்தான்.

மூன்றாவது வகை எழுத்துக் கூட்டில் வருவது. ஒலி சரி, சொல்லும் சரி, ஆனால் நாம் எழுதுவது போல மெஷின் எழுதாது. Lyft என்று எழுதி லிப்ட் என்று சொன்னால், அறியாத மெஷின் lift என்றே எழுதும். அந்த அமெரிக்க டாக்சி நிறுவனம் 2012 முதல் கோடிக்கணக்கில் செலவழித்து எல்லோருக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. Flickr கூட அப்படியே. அவர்களால் முடிந்தது என்பதற்காக நாம் எழுத்தை விழுங்கி, c க்கு k போட்டு, s க்கு z போட்டுப் பெயர் வைத்தால் மெஷினுக்கு அதை யார் கற்றுத் தருவது? தமிழ்ப் பெயருக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஊஞ்சலை Oonjal என்று எழுதலாம், Unjal என்று எழுதலாம், Oonchal என்றும் எழுதலாம். இந்த மூன்றாவது வகைக்கு மட்டும்தான் பெயரை மாற்றாமலே மருந்து உண்டு. உங்கள் வெப்சைட்டில் பெயரைத் தமிழ் எழுத்திலும், ஆங்கிலத்தில் மக்கள் எழுதக்கூடிய மற்ற வடிவங்களிலும் ஒரு வாக்கியத்தில் குறிப்பிடுங்கள். கூகுள் மேப்ஸில் கடையின் பெயருக்கான இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். கடையின் உண்மையான பெயரைத்தான் அங்கே தர வேண்டும் என்பது கூகுளின் விதி. கூடுதல் சொற்களைச் சேர்த்தால் பக்கத்தை முடக்கவும் செய்வார்கள்.

ஆக, திரையில் வந்த எழுத்தைப் பார்த்தாலே எந்த வகைத் தவறு என்று தெரிந்துவிடும். வேறு சொல் வந்தால் ஒலியில் குறை. அதே ஒலிக்கு வேறு எழுத்து வந்தால் கூட்டில் குறை. எழுத்து மிகச் சரியாக இருந்தும் கடை வரவில்லை என்றால் அந்தச் சொல் உங்களுக்குச் சொந்தமானது இல்லை.

தெரிந்த சொற்கள், தெரியாத ஜோடி

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்குத் தோன்றிய வழி இதுதான். மெஷினுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு சொற்கள் வேண்டும். ஆனால் அவை ஒன்றாக வந்து யாரும் பார்த்திருக்கக் கூடாது. சொற்கள் தெரிந்தவை என்பதால் சரியாகக் கேட்கும். ஜோடி புதிது என்பதால் தேடலில் போட்டி குறைவு. அலெக்சாவுக்குச் சேவை தயாரிப்பவர்களுக்கு அமேசான் வைத்திருக்கும் விதியும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. பெயர் ஒரே சொல்லாக இருக்கக் கூடாது, உங்களுக்கே உரிய பிராண்டாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு என்கிறார்கள்.

இரண்டு சொல்லும் நீளமாக, இரண்டு மூன்று அசைகளுடன் இருந்தால் நல்லது. "கிளி" போன்ற குட்டிச் சொல்லில் ஒரு ஒலி தவறினால் சொல்லே போய்விடும். நீளமான சொல்லில் ஒரு ஒலி போனாலும் மீதியை வைத்து மெஷின் ஊகித்துக்கொள்ளும்.

அக்கா திங்கள்கிழமைதோறும் பார்சல் அனுப்புவார். அதனால் மண்டே பாஸ்கெட் என்று ஒரு யோசனை வந்தது. ஆங்கிலத்தில் 15க்கு 13 சரி. தவறிய இரண்டும் Monday biscuit. அது ஒன்றும் பெரிய மோசமில்லை. தமிழுக்கு மாற்றினோம். மண்டை பாஸ்கெட் என்று வந்தது. 15ல் 4 முறை. மாமா சிரித்த சிரிப்பில் அந்தப் பெயர் அங்கேயே முடிந்தது. "அப்ப சண்டே வைங்க" என்று மாணவி சொன்னாள். சொல்லிப் பார்த்தோம். சண்டை பாஸ்கெட். ஆங்கிலச் சொல்லை எடுத்தால், தமிழ்க் காதில் அது வேறு தமிழ்ச் சொல்லாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் கிடைத்த பெயர் 30க்கு 28 வாங்கியது. தவறிய இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒரே இடத்தில் தவறவில்லை. அதுவும் முக்கியம். ஒரே தவறு நான்கு முறை வந்தால், அந்தத் தவறான பெயரில் இருக்கும் கடைக்கு நாம் வாடிக்கையாளரை அனுப்பிக்கொண்டே இருப்போம். சிதறிய தவறு என்றால் அவர் திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்.

பதிவுக்கு முன்

குரலில் தேறிய பெயர் பதிவில் தேறும் என்று சொல்ல முடியாது. தினை லட்டு என்று பெயர் வைத்தால் எல்லா மெஷினும் சரியாகக் கேட்கும். ஆனால் விற்கும் பொருளையே சொல்லும் பெயரை டிரேட்மார்க்காகப் பெறுவது கடினம். எனவே அந்த இரண்டு சொற்களும் உங்கள் சரக்கை வர்ணிக்காதவையாக இருக்கட்டும்.

ipindia.gov.in தளத்தில் டிரேட்மார்க் பகுதியில் Public Search வசதி இருக்கிறது. அதில் Wordmark என்பதுடன் Phonetic என்ற வகையும் உண்டு. பெரும்பாலானவர்கள் முதல் வகையில் மட்டும் தேடி, யாரும் இல்லை என்று சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். Phonetic வகை ஒலியால் நெருங்கிய பெயர்களைக் காட்டும். எழுத்து வேறு, ஒலி ஒன்று என்றால் பதிவு மறுக்கப்படலாம். உச்ச நீதிமன்றம் 1962லேயே அம்ரித்தாரா, லக்ஷ்மண்தாரா என்ற இரு மருந்துப் பெயர்கள் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று சொல்லியிருக்கிறது. அதில் பார்க்கப்பட்டது எழுத்து மட்டுமல்ல, ஒலியும்தான். உங்கள் பெயரை மட்டும் போட்டுப் பார்க்காமல், மெஷின் தவறாக எழுதிய வடிவங்களையும் போட்டுப் பாருங்கள். அந்த நோட்டு இங்கே உதவும். தனிநபரும் சிறு தொழில் செய்பவரும் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்ட வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் பணம் திரும்ப வராது.

அக்காவின் விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. அதனால் புதுப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய கவரில் 1,400 மீதம் இருந்தது. தினமும் இரவில் மாமா அவற்றின் மேல் புதுப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். மேலே ஆங்கிலத்தில், கீழே தமிழில்.